கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை: சி.ஏ. கோச்சிங்கா, பி.காம். முடித்து வேலையா?

பிளஸ் டூ முடித்த நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்காக மே மாதம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.



ரிசல்ட் வந்த நாளிலிருந்து லிஃப்டில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "சார், பையன் அக்கவுண்டன்சியில் நூறு வாங்கியிருக்கான். சி.ஏ. கோச்சிங் சேர்க்கலாமா, இல்லை பி.காம். படிக்க வச்சு வேலைக்கு அனுப்பலாமா?" நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். படித்து, பேங்கில் கிளார்க்காக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். வருஷா வருஷம் மார்ச் 31 முடிந்ததும் எங்கள் கிளைக்கு ஆடிட் வரும். ஆடிட்டரோடு இரண்டு பிள்ளைகள் வருவார்கள், ஆர்ட்டிகிள்ஸ் பண்ணுகிறவர்கள். அவர்களுக்கு லெட்ஜரை எடுத்துக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் கதையை நிறையக் கேட்டிருக்கிறேன். என் வீட்டிலும் ஒரு கதை நடந்தது. இன்றைக்கு நான் பேச வந்ததே அதனால்தான்.

2018-ல் என் தங்கை மகன் பிளஸ் டூ முடித்தான். அப்போது ஒரு பாடத்துக்கு 200 மார்க். அக்கவுண்டன்சியில் 197. கணக்கு என்றால் கால்குலேட்டரை முந்திக்கொள்வான். ஒரு கோச்சிங் சென்டரில் போய் விசாரித்தார்கள். "ரெகுலர் காலேஜ் எதுக்கு? 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் கேட்பான், நேரம் வீண். கரஸ்ல பி.காம். போட்டுடுங்க, சி.ஏ.வை முழு நேரமா பார்க்கட்டும்" என்று சொன்னார்கள். ஃபவுண்டேஷனுக்கும் இன்டர்மீடியட்டுக்கும் சேர்த்து மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். தங்கை வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினாள். அந்த நகைக்கடன் விண்ணப்பத்தை என் கவுண்டரில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தது நான்தான். "கொஞ்சம் யோசிச்சியா" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

நவம்பரில் ஃபவுண்டேஷன் எழுதினான். நான்கு பேப்பர், ஒவ்வொன்றும் 100. அக்கவுண்ட்ஸில் 81, சட்டத்தில் 34, கணக்கும் புள்ளியியலும் சேர்ந்த பேப்பரில் 62, பொருளாதாரத்தில் 51. கூட்டிப் பாருங்கள், 400-க்கு 228. அதாவது 57 சதவீதம். ஆனால் ஃபெயில்.

ஏன் என்றால் இந்தத் தேர்வில் இரண்டு வாசல் இருக்கிறது. ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது 40 வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதம், அதாவது 200 வேண்டும். இரண்டையும் ஒரே தேர்வில் தாண்ட வேண்டும். அவன் மொத்தத்தைத் தாண்டினான், சட்டத்தில் ஆறு மார்க்கில் விழுந்தான். ஃபெயில் ஆனால் சட்டத்தை மட்டும் திரும்ப எழுத முடியாது. ஃபவுண்டேஷனில் நான்கையும் மறுபடி எழுத வேண்டும். அந்த 81 அதோடு போயிற்று.

அடுத்த மே மாதம் சட்டத்தையே உருப்போட்டான். சட்டத்தில் 46 வந்தது. ஆனால் அக்கவுண்ட்ஸ் 58, கணக்கு 43, பொருளாதாரம் 44. எல்லாவற்றிலும் 40-ஐத் தாண்டிவிட்டான், மொத்தம் 191. ஒன்பது மார்க்கில் மறுபடி ஃபெயில். மூன்றாவது முறை எழுதும்போது பயம் வந்துவிட்டது. அதிலும் கிடைக்கவில்லை. ஒன்றரை வருஷம் முடிந்தது. இதற்கு நடுவில் கரஸ்பாண்டன்ஸ் பி.காம். பேப்பர்களை அவன் தொடவே இல்லை.

இந்த மார்க்கைச் சொல்வது பையனைக் குறை சொல்ல இல்லை. கணக்கில் கெட்டி என்பது இந்தத் தேர்வில் பாதிதான் என்பதற்காகச் சொல்கிறேன். ஃபவுண்டேஷனில் அக்கவுண்ட்ஸும் கணக்கும் போக, சட்டமும் பொருளாதாரமும் இருக்கின்றன. மேலே போகப் போகக் கம்பெனி சட்டம், வரிச் சட்டம், ஆடிட்டிங் என்று எழுதுகிற பேப்பர்கள் கூடும். சி.ஏ. என்றால் கூட்டல் கழித்தல் என்று நாம் நினைக்கிறோம். அது சட்டத்தைப் படித்து, புரிந்து, அதை எழுதிக் காட்டுகிற படிப்பும்தான். இன்னொன்று, தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் முடியாது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்குக் கணக்கில் எந்தக் குறையும் இருக்காது. சட்டத்தை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் சிரமப்படும். தெரிந்துகொண்டு இறங்கினால் அதைச் சரிசெய்யலாம்.

உங்கள் பிள்ளைக்கு இது வருமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்து பாருங்கள். சி.ஏ. இன்ஸ்டிடியூட்டின் வெப்சைட் icai.org. அதில் மாணவர் பகுதியில் பாடப்புத்தகம், பழைய கேள்வித்தாள், மாதிரி விடை எல்லாம் இலவசமாக இருக்கின்றன. சட்டப் புத்தகத்தில் ஒப்பந்தச் சட்டத்தின் முதல் சில பகுதிகளை எடுத்து, பிள்ளையை இரண்டு வாரம் தானாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு பழைய கேள்வித்தாளில் அந்தப் பகுதியிலிருந்து நான்கைந்து கேள்விகளைக் கொடுத்து, புத்தகத்தை மூடி வைத்து எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 16 வயதுப் பையன் வீட்டை அடமானம் வைத்து ஒருவரிடம் கடன் வாங்குகிறான். பிறகு திருப்பித் தர மாட்டேன் என்கிறான். கடன் கொடுத்தவர் அடமானத்தை வைத்துப் பணத்தை வசூலிக்க முடியுமா? நம் பிள்ளை "முடியாது, அவன் மைனர்" என்று ஒரு வரி எழுதும். விடை சரிதான், மார்க் கொஞ்சம்தான் வரும். முழு மார்க் வேண்டும் என்றால் மூன்று படி எழுத வேண்டும். முதலில் சட்டம்: 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 11-வது பிரிவுப்படி மேஜர் ஆகாதவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை. அப்படிச் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. இரண்டாவது, இந்தக் கதையில் அது எப்படிப் பொருந்துகிறது. மூன்றாவது, ஆகவே முடிவு என்ன. 1903-ல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

பிள்ளை எழுதியதை மாதிரி விடையோடு வைத்துப் பாருங்கள். மார்க் குறைவாக வந்தால் கவலைப்படாதீர்கள். அந்த இரண்டு வாரம் அந்தப் புத்தகத்தை எப்படிப் படித்தது என்று கவனியுங்கள். "இதில் ஏதோ இருக்கே" என்று பக்கத்தைத் திருப்பியதா, நாலு பக்கத்துக்கு மேல் போகாமல் அக்கவுண்ட்ஸ் கணக்குக்கே ஓடியதா? ஓடியது என்றால் கெட்டிக்காரத்தனத்தில் குறைவில்லை. ஆனால் சி.ஏ. பாதையில் அந்தப் பிள்ளைக்கு நாலைந்து வருஷம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

சரி, பிடித்திருக்கிறது, சி.ஏ. போகலாம் என்று முடிவு செய்கிறீர்கள். அப்போதும் காலேஜை விடாதீர்கள். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பது என்றால் இதை வையுங்கள். சி.ஏ.வுக்கு இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று ஃபவுண்டேஷன். இன்னொன்று டிகிரி. பி.காம்.மில் 55 சதவீதம் வாங்கினால் ஃபவுண்டேஷன் எழுதாமலேயே நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். மற்ற பட்டப்படிப்பு என்றால் 60 சதவீதம். டிகிரி கடைசி வருஷத்தில் இருக்கும்போதே தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளலாம். இன்டர் எழுத எட்டு மாதம் படிப்புக் காலம் வேண்டும், அது அப்போதே ஓட ஆரம்பித்துவிடும்.

அப்படியானால் ஃபவுண்டேஷனில் ஃபெயில் ஆன பிள்ளைக்கு சி.ஏ. கதவு மூடவில்லை. காலேஜில் இருந்து 55 சதவீதத்தைக் காப்பாற்றினால் போதும். கோச்சிங் சென்டரில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என் தங்கை மகன் கதையின் மிச்சம் இங்கேதான் இருக்கிறது. மூன்று முறை போன பிறகு, சரி, டிகிரியை முடி என்று உட்கார வைத்தோம். அரியர் எல்லாம் சேர்ந்து கிடந்தது. எப்படியோ எழுதி முடித்தான். அப்போதுதான் இந்த நேரடிக் கதவைப் பற்றி என்னோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னார். மார்க் ஷீட்டை எடுத்துக் கூட்டினோம். 52 சதவீதம். "மாமா, இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒவ்வொரு பேப்பர்லயும் நாலு மார்க் கூட வாங்கியிருப்பேனே" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுபடி ஃபவுண்டேஷன் எழுதலாம்தான், அவனுக்கு மனசு வரவில்லை. இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாம் அவன் கையில்தான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அவன் போகாத பாதை அவன் வேண்டாம் என்று விட்டது இல்லை. தகவல் தெரியாமல் போனது.

இப்போது ஒரு பிள்ளை எப்படித் திட்டம் போடலாம் என்று நாள் கணக்கில் பார்ப்போம். ஃபவுண்டேஷன் இப்போது வருஷத்துக்கு மூன்று முறை நடக்கிறது. ஜனவரி, மே ஜூன் வாக்கில், செப்டம்பர். பதிவு செய்து நான்கு மாதம் படிப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். செப்டம்பர் தேர்வுக்கு மே 1-க்குள் பதிந்திருக்க வேண்டும். நம் பிளஸ் டூ ரிசல்ட் மே முதல் வாரத்துக்குப் பிறகுதான் வருகிறது. ரிசல்ட் பார்த்துவிட்டு முடிவு செய்கிறவர்களுக்கு செப்டம்பர் போயிற்று. இனி ஜனவரிதான். அதற்குப் பதிவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 1. ஆகவே "இன்னைக்கே சேருங்க, சீட் முடியப்போகுது" என்று யாராவது அவசரப்படுத்தினால் பதறாதீர்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதம் உங்கள் கையில் இருக்கிறது. நான் சொன்ன வீட்டுச் சோதனையை அதற்குள் செய்துவிடலாம். அடுத்த வருஷம் பிளஸ் டூ போகிற பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாவது பாஸ் செய்திருந்தாலே முன்கூட்டிப் பதிந்துகொள்ளலாம். தேர்வு எழுதுவதுதான் பிளஸ் டூவுக்குப் பிறகு.

காலேஜுக்கு வருவோம். சென்னையில் நிறையக் காலேஜ்களில் இரண்டு ஷிஃப்ட் இருக்கிறது. காலை ஷிஃப்ட் கிடைத்தால் மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கோச்சிங்கோ வீட்டுப் படிப்போ வைத்துக்கொள்ளலாம். முதல் வருஷம் ஜனவரியில் ஒருமுறை, கிடைக்காவிட்டால் மே ஜூனில் ஒருமுறை. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் யோசனை. இரண்டாவது முறையும் போனால் ஃபவுண்டேஷனை மறந்துவிட்டு டிகிரியில் கவனம் வையுங்கள். செமஸ்டர் செமஸ்டராக 55-ஐப் பாருங்கள், 60-க்கு மேல் வைத்துக்கொண்டால் பயமில்லை. மூன்றாம் வருஷத்தில் நேரடிப் பதிவு.

நேரடியாகப் போனால் எவ்வளவு தாமதம் ஆகும்? ஃபவுண்டேஷன் வழியில் எல்லாமே முதல் முறை பாஸ் ஆகும் பிள்ளையோடு ஒப்பிட்டால் ஒன்றரை முதல் இரண்டு வருஷம் பின்னால் இருக்கும். ஆனால் எல்லாமே முதல் முறை பாஸ் ஆகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். 2024 ஜூன் மாத ஃபவுண்டேஷனில் 100 பேர் எழுதினால் சுமார் 15 பேர்தான் பாஸ். அந்த வருஷம் ஜனவரியில் 30 பேர். அந்த 15-க்கும் 30-க்கும் நடுவில் நம் பிள்ளை இருக்கும் என்று நம்புவதில் தப்பில்லை. இல்லாமல் போனால் கையில் என்ன இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிகிரி இருக்கும் என்றால் இறங்கலாம்.

கோச்சிங் பற்றி இரண்டு வார்த்தை. இன்ஸ்டிடியூட்டுக்குக் கட்டும் பணம் அதிகமில்லை. ஃபவுண்டேஷன் பதிவுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள், இன்டர் இரண்டு குரூப்புக்கும் 18,000. இன்ஸ்டிடியூட்டே ஆன்லைனில் இலவச வகுப்பும் நடத்துகிறது. பெரிய பணம் போவது தனியார் கோச்சிங்குக்குத்தான். சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபவுண்டேஷனுக்கு மட்டும் கட்டுங்கள். இன்டருக்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பையன் இன்டருக்குப் போகும் முன்னாலேயே நாங்கள் கட்டிய பணம் திரும்பி வரவில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் ரேங்க் போட்டோவைப் பார்க்காதீர்கள். "போன பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் பாஸ்" என்று மூன்று எண்ணைக் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, வேலை. டிகிரி முடித்ததும் வீட்டுக்குச் சம்பளம் வேண்டும் என்ற நிலை இருக்கும் குடும்பங்கள் நம்மிலும் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. சி.ஏ.வில் இன்டர் இரண்டு குரூப்பும் முடித்த பிறகு இரண்டு வருஷம் ஆர்ட்டிகிள்ஸ் பயிற்சி. அதில் கிடைப்பது ஸ்டைபண்ட், பையன் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும், வீட்டு வாடகைக்கு ஆகாது. அது முழுநேரப் பயிற்சி. வேறு வேலையில் இருந்துகொண்டு செய்ய முடியாது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். பேங்கில் சேர்ந்த புதிதில் எனக்கும் சி.ஏ. ஆசை இருந்தது. புத்தகம் வாங்கிப் படிக்கலாம், ராத்திரி கண் விழிக்கலாம். பகல் பூராவும் ஆடிட்டர் ஆபீசில் இருக்க வேண்டும் என்றால் கவுண்டரில் யார் இருப்பது? என் அப்பா ரிட்டயர் ஆகியிருந்தார், தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆசை அங்கேயே நின்றது. ஆகவே வேலைக்குப் போய்விட்டு அப்புறம் சி.ஏ. பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த இரண்டு வருஷம் சம்பளம் இல்லாமல் இருக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

ஆனால் வேலைப் பாதையும் கணக்குப் பிள்ளைக்குக் குறைந்த பாதை இல்லை. கணக்கில் வேகம் இருப்பதற்கு உடனே பலன் கிடைக்கும் இடம் பேங்க் தேர்வுதான். ஐ.பி.பி.எஸ். கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விக்கு ஒரு மணி நேரம். 35 கேள்வி கணக்கு, 35 ரீசனிங், 30 ஆங்கிலம். ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிஷம். இங்கே யாரும் சட்டப் பிரிவு கேட்கப் போவதில்லை, வேகமும் துல்லியமும்தான். 20 வயதிலிருந்து 28 வயது வரை எழுதலாம், எந்த டிகிரியும் போதும். உள்ளே போன பிறகு ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்று பரீட்சைகள் இருக்கின்றன. பாஸ் செய்தால் இன்கிரிமெண்ட், பிறகு ஆபீசர் பதவி உயர்வு. அதில் அக்கவுண்ட்ஸ் படித்த பிள்ளைக்கு மற்றவர்களைவிடப் பாதி வேலை குறைவு.

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். இந்த ஜூனில் நீங்கள் சி.ஏ.வா பி.காம்.மா என்று முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. பி.காம்.மில் சேருங்கள், அது இரண்டு பாதைக்கும் பொதுவான படி. சட்டப் புத்தகத்தைப் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று பார்த்துவிட்டு, ஃபவுண்டேஷன் ஜனவரியில் எழுதலாமா வேண்டாமா என்று ஆகஸ்டில் முடிவு செய்யுங்கள். சி.ஏ.வா வேலையா என்ற பெரிய முடிவு, கையில் 55-க்கு மேல் மார்க் ஷீட்டோடு, மூன்றாம் வருஷத்தில் வரட்டும். அப்போது பிள்ளைக்கு 20 வயது. அதுவே தன் முடிவைச் சொல்லும்.

சட்டக் கேள்வித்தாளை எடுத்துத் தர வேண்டும், எழுதியதைத் திருத்திப் பார்க்க வேண்டும் என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் கீழே பார்க் பெஞ்சில்தான் இருப்பேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வளையலை அடகு வைப்பதற்கு முன்னால் வாருங்கள்.